ஊழியரின் லிங்க்ட்இன் கணக்கில் கம்பெனிச் செய்தி: எப்படிக் கேட்பது, எங்கே தொடங்குவது

2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோனியின் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அமெரிக்கக் கடைகளுக்கு வரவிருந்தது. அதற்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தது லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டாய்ச் எல்.ஏ. என்ற நிறுவனம். விற்பனை தொடங்க ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தபோது, அந்த விளம்பர நிறுவனத்தின் ஊழியர்களுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு மின்னஞ்சல் போனது. அனுப்பியவர் பெரிய அதிகாரி இல்லை. சோனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த குழுவின் கீழ்நிலை ஊழியர் ஒருவர். அவர் கேட்டதும் சின்ன விஷயம்தான்: வீட்டாவைப் பற்றி உங்கள் ட்விட்டரில் ஒரு வரி எழுதுங்கள், கூடவே #gamechanger என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் எழுதினார்கள். கருவி அருமையாக இருக்கிறது, நீங்களும் பாருங்கள் என்ற மாதிரியான வரிகள். எல்லாம் அவரவர் சொந்தக் கணக்கில். அந்தக் கருவிக்கு விளம்பரம் செய்யும் இடத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்று அந்த வரிகளில் யாரும் சொல்லவில்லை.

2014 நவம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சோனி மீதும் டாய்ச் மீதும் நடவடிக்கை எடுத்தது. வழக்கின் பெரும்பகுதி வேறு விஷயம். கருவியில் இல்லாத வசதிகள் இருப்பதுபோல் விளம்பரத்தில் காட்டினார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. ஆனால் டாய்ச் மீதான புகாரில் இந்த ட்வீட்டுகளும் தனியாக இடம்பெற்றன. படிப்பவர் அவற்றைச் சாதாரண வாடிக்கையாளரின் கருத்து என்று நினைத்திருப்பார், உண்மையில் எழுதியவர் விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் ஊழியர், அதனால் அது ஏமாற்று என்றது ஆணையம். 2015-இல் சமரச உத்தரவு உறுதியானது.

ஊழியர்கள் தங்கள் சொந்தத் தொழில்முறைக் கணக்குகளில் கம்பெனியின் செய்திகளைப் பகிர்வதை மார்க்கெட்டிங் ஆட்கள் ‘எம்ப்ளாயி அட்வகசி’ என்பார்கள். இங்கே அதை ஊழியர் பகிர்வு என்றே சொல்லிக்கொள்கிறேன். இதைத் தொடங்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நம் ஊர் அலுவலகங்களில் ஊழியர் பகிர்வு எப்படித் தொடங்குகிறதோ, அச்சு அசலாக அப்படித்தான் அங்கேயும் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரு மெயில் அல்லது ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதில் ஒரு லிங்க், ஒரு ஹேஷ்டேக், ‘எல்லாரும் ஷேர் பண்ணிடுங்க’ என்று ஒரு வரி. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கணக்கு யாருடையது? எழுதுபவருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு படிப்பவருக்குத் தெரிகிறதா? அவர் சொல்வதை அவரே அனுபவித்துச் சொல்கிறாரா?

ஊழியரின் பதிவுக்கு ஏன் மதிப்பு

கம்பெனிப் பக்கத்தைத் தொடர்பவர்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? லிங்க்ட்இனில் பக்கத்தின் நிர்வாகிக்கு அந்த விவரம் கிடைக்கும். தொடர்பவர்கள் எந்தத் துறை, எந்த வேலை, எந்த நிலை என்று பிரித்துக் காட்டும். பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களில் அதைத் திறந்து பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வேலை தேடுபவர்கள், சொந்த ஊழியர்கள், பழைய ஊழியர்கள், நமக்கு எதையாவது விற்க நினைப்பவர்கள், போட்டி நிறுவனத்தார். வாங்கக்கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் குறைவு.

ஊழியரின் தொடர்பு வட்டம் வேறு மாதிரி உருவாகிறது. பத்து வருடம் ஒரு துறையில் சர்வீஸ் பார்த்த ஒருவரின் கணக்கில், அவர் நேரில் சந்தித்த ஒப்பந்ததாரர்களும் கன்சல்டன்ட்களும் பழைய வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். இரண்டு பக்கமும் சம்மதித்து உருவான தொடர்பு அது. பெயரைப் பார்த்ததும் ‘ஓ, இவரா’ என்று நின்று படிப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும், 150 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்காக நான் வைத்துக்கொள்ளும் நிறுவனம். அதன் பக்கத்துக்கு 3,800 பேர் தொடர்பாளர்கள். பகிர்வதற்குப் பத்து ஊழியர்கள் முன்வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 500 தொடர்புகள். பெருக்கினால் 5,000. இந்த இடத்தில்தான் பல விளக்கப் படங்கள் பொய் சொல்கின்றன. பத்துப் பேரும் ஒரே அலுவலகம், பலர் ஒரே கல்லூரி, அதனால் தொடர்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். சக ஊழியர்களையும் இரட்டிப்பையும் கழித்தால் 3,000 மிஞ்சினால் நல்லது. அந்த 3,000 பேரிலும் ஒரு பதிவைப் பார்ப்பவர்கள் ஒரு பங்குதான்.

அதாவது எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பக்கத்தைவிடக் குறைவு. இருந்தும் செய்யலாம் என்று சொல்லக் காரணம், அந்த 3,000 பேரில் பம்ப் வாங்குவதை முடிவு செய்கிற 200 பேர் இருக்கலாம் என்பதுதான். இருக்கிறார்களா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட முடியும். முன்வந்த ஒவ்வொருவரும் லிங்க்ட்இன் தேடலில் தங்கள் நேரடித் தொடர்புகளை மட்டும் வடிகட்டி, நம் வாடிக்கையாளர் துறையில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லட்டும். எண்ணிக்கை மட்டும் போதும். தொடர்புப் பட்டியலையே இறக்கி அனுப்பச் சொல்லக் கூடாது. அதில் இருப்பது மற்றவர்களின் பெயரும் வேலை விவரமும். அதைக் கம்பெனிக்குக் கொடுக்கும் உரிமையை அவர்கள் யாருக்கும் தரவில்லை.

இப்படி எண்ணும்போது ஓர் ஆச்சரியம் வரும். நிறையத் தொடர்புகள் வைத்திருக்கும் எச்.ஆர். மேலாளரின் பட்டியலில் வாங்குபவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். 300 தொடர்பு மட்டுமே உள்ள சர்வீஸ் பொறியாளரின் பட்டியலில் 90 பேர் இருப்பார்கள். உங்கள் முதல் ஆள் அந்தப் பொறியாளர்தான். ஆள் எடுப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் கதை தலைகீழ், எச்.ஆர். மேலாளர் முன்னால் வருவார். நோக்கம் எது என்று முடிவு செய்யாமல் ஆட்களைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கணக்கு யாருடையது

லிங்க்ட்இனின் பயனர் ஒப்பந்தமே இதைச் சொல்லிவிடுகிறது: உங்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில், உங்கள் முதலாளியையும் சேர்த்து, கணக்கு உங்களுடையதுதான். கம்பெனி காசு கட்டி வாங்கிக் கொடுக்கும் ரெக்ரூட்டர் போன்ற கட்டணச் சேவைகளில் மட்டும், அந்தச் சேவையின்மீது கம்பெனிக்குக் கட்டுப்பாடு உண்டு. அப்போதும் தனிப்பட்ட கணக்கு தனிப்பட்டதுதான்.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வங்கி ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் எட்காம் என்ற நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர் லிண்டா ஈகிள். அவருடைய லிங்க்ட்இன் கணக்கைப் பராமரிக்க அலுவலக ஊழியர்களுக்கும் கடவுச்சொல் தெரிந்திருந்தது. நிறுவனம் கை மாறியது. 2011-இல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். நீக்கிய கையோடு கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, அந்தக் கணக்கில் புதிய தலைவரின் பெயரையும் படத்தையும் போட்டார்கள். ஈகிளின் விருதுகள் பற்றிய விவரம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் பெயரைத் தேடி வந்தவர்கள் வேறொருவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தியது தவறு என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் எவ்வளவு நஷ்டம் என்று அவரால் நிரூபிக்க முடியாததால் இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். ‘சாருக்கு நேரமில்லை, அவர் லிங்க்ட்இன்னை நாங்களே பார்த்துக்கிறோம்’ என்று மார்க்கெட்டிங் குழு சொல்லாத நிறுவனம் அரிது. கடவுச்சொல் கைமாறிய அந்த நாளிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அதனால் முதல் விதி எளிமையானது: கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, கொடுப்பதில்லை. ஊழியர் பெயரில் தானாகப் பதிவு போடும், தானாக லைக் போடும் எந்தச் செயலியும் வேண்டாம். அப்படிப் போலியாக வரவேற்பைக் கூட்டுவதை லிங்க்ட்இன் ஒப்பந்தம் தடை செய்கிறது. கணக்கு முடக்கப்பட்டால் நஷ்டப்படப்போவது ஊழியர்தான்.

கணக்கு அவருடையது என்றால், பகிர்வதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம். இதை எழுதி வைத்தால் மட்டும் போதாது, கேட்கிற விதத்திலும் தெரிய வேண்டும். மேலாளர் குழு வாட்ஸ்அப்பில் ‘முடிஞ்சா ஷேர் பண்ணுங்க’ என்று போட்டால், அதில் ‘முடிஞ்சா’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. பெயர் பெயராக யார் செய்தார், யார் செய்யவில்லை என்று எல்லோரும் கவனிப்பார்கள். அதனால் கேட்பவர் நேரடி மேலாளராக இருக்கக் கூடாது. கம்பெனியின் செய்தித் தொடர்பு வேலை பார்க்கும் ஒருவர் தனித்தனியாகக் கேட்கட்டும். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏற வேண்டாம். வருடாந்திர மதிப்பீட்டில் பகிர்வுக்கு மதிப்பெண் என்ற யோசனை யாருக்காவது வந்தால், அதை அப்போதே தடுத்துவிடுங்கள். அதிகம் பகிர்ந்தவருக்கு அமேசான் கூப்பன் என்பதும் அதே வகைதான். பரிசு வந்த அன்றே, ஆட்கள் எழுதுவதை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் துரத்தத் தொடங்குவார்கள்.

ஒரே பக்கத்தில் விதிகள்

ஐ.பி.எம். நிறுவனம் 2005-இல், லிங்க்ட்இன் பிறந்து இரண்டே வருடம் ஆகியிருந்த காலத்தில், வலைப்பதிவு எழுதும் தன் ஊழியர்களுக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், விதிகளை எழுதியது சட்டப் பிரிவு இல்லை என்பது. ஏற்கெனவே வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்த ஊழியர்களே உள் விக்கி ஒன்றில் சேர்ந்து எழுதினார்கள். சாரம் சுலபமானது. உன் பெயரில் எழுது. நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று சொல். ‘நாங்கள்’ என்று நிறுவனத்தின் குரலில் பேசாமல் ‘நான்’ என்று பேசு. ரகசியத்தைக் காப்பாற்று.

உங்கள் நிறுவனத்திலும் முன்வந்த பத்துப் பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடலாம். பத்துப் பக்க ஆவணத்தை யாரும் படிக்கப்போவதில்லை. அந்த ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, தொடர்பை வெளிப்படுத்துவது. டாய்ச் ஊழியர்கள் தவறவிட்டது இதைத்தான். ‘என் புரொஃபைலில் கம்பெனி பெயர் இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்பார்கள். போதாது என்பதுதான் அமெரிக்க ஆணையத்தின் நிலைப்பாடு. பதிவைப் படிப்பவர் புரொஃபைலைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தியாவில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட இன்ஃப்ளுயன்சர் விதிகளும், மறைக்கக் கூடாத தொடர்புகளில் வேலைத் தொடர்பையும் சேர்த்தே சொல்கின்றன. சாதாரண ஊழியர் ஒவ்வொருவரும் இன்ஃப்ளுயன்சர் ஆகிவிடுவதில்லை. ஆனாலும் பழக்கத்தைச் சரியாகத் தொடங்குவதில் செலவு ஒன்றும் இல்லை. பெரிய அறிவிப்பெல்லாம் தேவைப்படாது. முதல் வரியிலேயே ‘நான் வேலை பார்க்கும் இடத்தில் நாங்கள் செய்யும் பம்ப்’ என்று வந்துவிட்டால் முடிந்தது. அப்படி எழுதும்போது நம்பகம் குறையுமோ என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் உள்ளே இருந்து பார்த்தவர் பேசுகிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, எதைச் சொல்லக் கூடாது என்பது. இதைப் பொதுவாக ‘ரகசியத் தகவல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பொருள் பொருளாக எழுத வேண்டும்: வாடிக்கையாளர் அனுமதி தராத வரை அவர் பெயர், விலை, இன்னும் அறிவிக்காத மாடல், வேலை நடக்கும் இடத்தில் எடுத்த படத்தின் பின்னணியில் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடம் அல்லது திறந்திருக்கும் கணினித் திரை. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆயுத பூஜைப் படம் என்று நினைத்துப் போடுவார்கள், பின்னால் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் எண்ணும் அளவும் தெளிவாகத் தெரியும்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் இன்னொரு வேலியும் வேண்டும். 2012 மே மாதத்தில் ஃப்ரான்செஸ்காஸ் என்ற அமெரிக்க ஆடைக்கடை நிறுவனத்தின் நிதித் தலைவர் வேலை இழந்தார். இயக்குநர் கூட்டம் நடந்தது, எண்கள் நன்றாக இருக்கின்றன, இயக்குநர்கள் மகிழ்ச்சி என்ற பொருளில் அவர் போட்ட ட்வீட்டும் அதற்கு ஒரு காரணம். அதில் ஒரு ரூபாய்க் கணக்குகூட இல்லை. ஆனால் காலாண்டு முடிவு வெளிவருவதற்கு முன்னால், உள்ளே இருப்பவர் ஒருவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதே தகவல்தான். இந்தியாவிலும் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகள், பொதுவெளிக்கு வராத விலை பாதிக்கும் தகவலைப் பகிர்வதைத் தடுக்கின்றன. அதனால் எளிய நடைமுறை ஒன்று வைத்துக்கொள்ளலாம். விற்பனை, ஆர்டர், லாபம், ஒப்பந்தம் பற்றிய எதையும் நிறுவனம் பங்குச் சந்தைக்கு அறிவித்த பிறகுதான் தொடலாம். அப்போதும் அறிவிப்பில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது.

பதிவைக் கொடுக்காதீர்கள், விஷயத்தைக் கொடுங்கள்

பெரும்பாலான முயற்சிகள் இறந்துபோவது இங்கேதான். மார்க்கெட்டிங் குழு அழகாக ஒரு பதிவு எழுதி, அதைப் பத்துப் பேருக்கும் அனுப்பி, காப்பி பேஸ்ட் செய்யச் சொல்லும். பத்துப் பேரும் காலை 10 மணிக்கு ஒரே வாசகத்தைப் போடுவார்கள். பொதுவான நண்பர் ஒருவர் லிங்க்ட்இன்னைத் திறந்தால், ‘பெருமையுடன் அறிவிக்கிறோம்’ என்று அடுத்தடுத்து நான்கு முறை வரும். அவர் நான்கையும் தாண்டிப் போவார். நாலாவது வாரத்தில் அந்த ஊழியரின் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போகப் பழகிவிடுவார். ஊழியர் பத்து வருடம் சேர்த்த மதிப்பை நாம் ஒரு மாதத்தில் செலவழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

வெறுமனே மறுபகிர்வு செய்வதும் கிட்டத்தட்ட இதே நிலைதான். லிங்க்ட்இனில் `Repost` பொத்தானை அழுத்தினால் இரண்டு வழி காட்டும். ஒன்று அப்படியே பகிர்வது, இன்னொன்று `Repost with your thoughts`, அதாவது உங்கள் சொந்த வரிகளோடு பகிர்வது. முதல் வழியில் உங்கள் பெயர் மட்டும்தான் சேர்கிறது, உங்கள் அறிவு எதுவும் சேரவில்லை. இரண்டாவது வழி பரவாயில்லை. அதைவிட நல்லது, அதே விஷயத்தை ஊழியர் தானே புதிய பதிவாக எழுதுவது.

நம் பம்ப் நிறுவனத்துக்கே வருவோம். கம்பெனிப் பக்கத்தில் ஒரு பதிவு வருகிறது: ‘எங்கள் புதிய 5 எச்.பி. நீர்மூழ்கி பம்ப் கன்ட்ரோலரில் மேம்படுத்தப்பட்ட டிரை ரன் பாதுகாப்பு.’ படம் அழகாக இருக்கிறது. படிப்பவருக்கு ஒன்றும் தோன்றாது.

இதைச் சர்வீஸ் பொறியாளரிடம் கொண்டுபோகும்போது பதிவை அனுப்ப வேண்டாம். மூன்று கேள்விகள் அனுப்புங்கள். இந்தப் பிரச்சினையை நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? அங்கே ஆட்கள் பொதுவாக என்ன தவறு செய்கிறார்கள்? அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவருக்கு எழுத வராது என்றால் குரல் பதிவாகச் சொல்லட்டும். அவர் சொல்வது இப்படி இருக்கலாம்:

“நான் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறேன். போன மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு போர்வெல். வருடத்துக்கு இரண்டு முறை மோட்டார் காயில் கருகுகிறது, மோட்டார் மட்டம் என்று அந்த விவசாயி கோபமாக இருந்தார். பார்த்தால் கோடையில் ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர் இறங்கிவிடுகிறது, அதற்கப்புறமும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி. அது இல்லாவிட்டால் சூடாகிக் கருகத்தான் செய்யும். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது ஆம்பியர் குறையும், அதைப் பார்த்து நிறுத்துவதுதான் டிரை ரன் பாதுகாப்பு. அது எங்கள் கன்ட்ரோலரில் இருக்கிறது, மற்ற கம்பெனிகளும் செய்கிறார்கள். எந்தக் கம்பெனி வாங்கினாலும் அந்த அளவை உங்கள் கிணற்றுக்கு ஏற்ப செட் பண்ணச் சொல்லுங்கள். பல இடத்தில் செட் பண்ணாமலே விட்டுவிட்டுப் போகிறார்கள்.”

இதைக் கேட்டதும் மார்க்கெட்டிங் குழுவுக்கு வரும் முதல் ஆசை, ‘மற்ற கம்பெனிகளும் செய்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை வெட்டுவது. வெட்டாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தால்தான் மற்ற வாக்கியங்களை நம்புகிறார்கள். குழு சரிபார்க்க வேண்டியது, தொழில்நுட்பத் தகவல் சரியா, வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் விவரம் உள்ளதா என்ற இரண்டை மட்டும்தான். எழுத்துப் பிழை திருத்தலாம், குரலைத் திருத்தக் கூடாது. ஊழியர் தமிழில் எழுத விரும்பினால் தமிழிலேயே எழுதட்டும். ஈரோட்டு டீலருக்கும் தேனி ஒப்பந்ததாரருக்கும் போக வேண்டிய செய்தி அது.

முதல் 12 வாரம்

தொடங்கும்போது மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். லிங்க்ட்இனே இதற்கென்று 2015-இல் எலிவேட் என்ற கட்டணச் சேவையைத் தொடங்கி, 2020 முடிவில் தனிச் சேவையாக அதை நிறுத்திவிட்டது. அந்தச் சேவையை நம்பித் திட்டம் போட்டவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு எக்செல் தாளும் தாராளம். நூறு பேரைத் தாண்டும்போது, யாருக்கு எந்த விஷயம் போனது என்று கையால் பார்க்க முடியாத நிலை வரும். மென்பொருளைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

முதல் வாரம் விதிகளை எழுதவும், புரொஃபைல்களைச் சரிசெய்யவும் போகும். புரொஃபைல் வேலை என்பது புகைப்படமும் தலைப்பு வரியும்தான். ‘சர்வீஸ் எஞ்சினியர்’ என்பதோடு எந்தப் பொருள், எந்தப் பகுதி என்று சேர்த்தால் போதும். அப்புறம் வாரத்துக்கு ஒரு விஷயம், அதிகம் போனால் இரண்டு. அதையும் பத்துப் பேருக்கும் கொடுப்பதில்லை. விஷயம் யாருடைய வேலையோடு ஒட்டுகிறதோ அந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும், வெவ்வேறு நாட்களில் போடும்படி கொடுப்பது. ஆக ஒருவர் மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை கம்பெனி விஷயத்தை எழுதுவார். அது போதும். அவர் கணக்கில் மற்ற நாட்களில் அவருடைய சொந்த விஷயங்கள் வர வேண்டும். பயிற்சி வகுப்பு, படித்த கட்டுரை, துறையில் நடக்கும் மாற்றம், எதுவானாலும் சரி. கம்பெனிப் பதிவு மட்டுமே வரும் கணக்கு, கம்பெனிப் பக்கத்தின் இன்னொரு நகல்தான்.

பதிவு போட்ட முதல் சில மணி நேரத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவருக்கு வேலை நேரத்தில் இடம் கொடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘என் கிணற்றுக்கு ஆம்பியர் எவ்வளவு வைக்கலாம்?’ என்று ஒருவர் கேட்டு மூன்று நாள் பதில் இல்லாமல் கிடந்தால், பதிவே போடாமல் இருந்திருக்கலாம். புகாரோடு வருபவரிடம் ஊழியர் வாதம் செய்யக் கூடாது. எண்ணைக் கொடுத்து வாடிக்கையாளர் சேவைக்கு மாற்றிவிட வேண்டும். அந்த எண் யாருடையது என்பதும் விதிப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனி அளப்பது. ஊழியரின் சொந்தப் பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், கம்பெனிப் பக்க நிர்வாகிக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லி நச்சரிக்கவும் வேண்டாம். அதற்குப் பதில், இணையதளத்துக்கு வரும் லிங்க்கில் ஓர் அடையாளம் வைத்துக் கொடுங்கள்:

```
https://example.com/dry-run?utm_source=linkedin&utm_medium=employee&utm_campaign=dryrun&utm_content=service
```

இந்த லிங்க்கைச் சொடுக்கி வருபவர்கள் கூகுள் அனலிடிக்ஸில் `linkedin / employee` என்று தனியாகத் தெரிவார்கள். கம்பெனிப் பக்கத்தில் போடும் லிங்க்கில் `employee` இருக்கும் இடத்தில் `page` என்று மாற்றிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடைசியில் உள்ள `service` என்பது சர்வீஸ் பிரிவா விற்பனைப் பிரிவா என்று காட்டுவதற்கு. அங்கே ஊழியரின் பெயரையோ எண்ணையோ வைக்கச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். முதல் 12 வாரத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஆள்வாரியாக எண்ணத் தொடங்கினால் தரவரிசை வரும், தரவரிசை வந்தால் ‘விருப்பம் இருந்தால்’ என்பது காணாமல் போகும்.

எண்கள் சின்னதாகத்தான் இருக்கும். வாரத்துக்கு 30, 40 பேர் ஊழியர் லிங்க் வழியாக வந்தால் அதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள், விசாரணைப் படிவம் நிரப்பினார்களா, டீலர் எண்ணைப் பார்த்தார்களா. அனலிடிக்ஸ் காட்டாத இன்னொன்றும் உண்டு. ‘உங்க பதிவைப் பார்த்தேன்’ என்று ஊழியருக்கு நேரடியாக வரும் போனும் செய்தியும். வாரம் ஒரு முறை எக்செல் தாளில் அதை ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் முதல் பலன் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

முயற்சி தவறான பாதையில் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? லைக் போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் நம் அலுவலகத்து ஆட்கள் என்றால், நமக்கு நாமே கைதட்டிக்கொள்கிறோம். பதிவுகளின் முதல் வரி எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், விஷயத்துக்குப் பதிலாகப் பதிவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆறாவது வாரத்தில் பத்துப் பேரில் நான்கு பேர் மௌனமாகிவிட்டால் அவர்களைத் துரத்த வேண்டாம். அவர்களுக்குக் கொடுத்த விஷயம் அவர்கள் வேலையோடு ஒட்டியதா என்று திரும்பப் பாருங்கள். பலமுறை காரணம் அங்கேதான் இருக்கும்.

12 வாரம் முடியும்போது ஒருவர் வேலையை விட்டுப் போகவும் செய்வார். அவர் எழுதிய பதிவுகள் அவருடையவை, அவர் கணக்கிலேயே இருக்கும். அவற்றை நீக்கச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை எடுத்துவிடுங்கள். புரொஃபைலில் வேலை விவரத்தை மாற்றும்படி கடைசி நாளில் நினைவூட்டுங்கள். அவருடைய பழைய பதிவுகளில் கேள்விகள் வந்துகொண்டிருந்தால், வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பதிலாகப் போட முடியுமா என்று தயவாகக் கேளுங்கள். போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்லுங்கள்.